சனி இல்லாத ஜாதகம்

போன வாரம் தங்கை தொலைபேசியில் அழைத்து, வீட்டில் இருக்கும் ஜாதகங்களையெல்லாம் செல்போனில் படம் பிடித்துத் தட்டச்சு செய்து வைக்கப் போவதாகச் சொன்னாள். "நல்ல காரியம்தான். ஆனால் யாரிடமும் கொடுக்காதே, நானே செய்து தருகிறேன்" என்றேன். "ஏன் அண்ணா, இன்னும் அந்தக் கோபம் தீரவில்லையா?" என்று சிரித்தாள்.

தீரவில்லை. அதை இன்று எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். எனக்குத் தெரிந்தது நகல். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதும்போது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றித்தான் என் சண்டை.

தங்கை மகளுக்கு வரன் பார்த்த சமயம். ஜாதகம் அவள் அப்பா வழியில் நாகர்கோவில் பக்கம் எழுதியது. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம், நான்கு மூலையிலும் மஞ்சள். அதைப் படம் பிடித்து ஒரு திருமணத் தகவல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவர் படத்தைப் பார்த்து, எந்த ராசியில் என்ன கிரகம் என்று வரிசையாகத் தட்டச்சு செய்து, அந்தத் தாளைப் பல வீடுகளுக்கு அனுப்பினார். நல்ல இடம் ஒன்று கூடி வந்தது. பெண்ணையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு நாள், "எட்டில் செவ்வாய் இருக்கிறது, எங்கள் பையனுடையது சுத்த ஜாதகம், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மகரம் செவ்வாய்க்கு உச்ச வீடு, அங்கே இருந்தால் தோஷம் கழிந்துபோகும் என்று சொல்லும் ஜோதிடர்களும் உண்டு. மைத்துனர் அதையும் சொல்லிப் பார்த்தார். "எட்டில் செவ்வாய்" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் அவர்கள் எதையும் கேட்கத் தயாராக இல்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. பழைய புத்தி, கிரகங்களை விரல் விட்டு எண்ணினேன். எட்டுதான் வந்தது. மறுபடி எண்ணினேன், எட்டுதான். சனியைக் காணவில்லை. சனி இல்லாத ஜாதகம் உலகத்தில் உண்டா? உடனே நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

நோட்டில் ராசிக் கட்டத்தில் இருந்ததை இருந்தபடியே தருகிறேன். மேல் வரிசையில் இடது மூலை மீனம். அங்கிருந்து வலமாகச் சுற்றி வந்தால் பன்னிரண்டு கட்டம்.

மீனம்: காலி
மேஷம்: காலி
ரிஷபம்: காலி
மிதுனம்: ல, கே
கடகம்: காலி
சிம்மம்: வி
கன்னி: சு
துலாம்: ர, கு
விருச்சிகம்: பு
தனுசு: ரா
மகரம்: சந், ம
கும்பம்: காலி

நாஞ்சில் நாட்டுப் பக்கத்துப் பழைய எழுத்து இது. மலையாளத்து வழக்கம் கலந்தது. 'ர' என்றால் ரவி, அதாவது சூரியன். 'கு' என்றால் குஜன், செவ்வாய். 'வி' வியாழன். 'ம' மந்தன், சனி பகவானுக்கு இன்னொரு பெயர். எழுதிய ஜோதிடர் வைத்திருந்த கணக்கில் குழப்பமே இல்லை. வியாழனுக்கு 'வி' போட்டுவிட்டதால் 'கு' என்ற எழுத்து செவ்வாய்க்கு மட்டுமே உரியது.

தட்டச்சு செய்தவர் என்ன செய்தார்? 'கு'வைப் பார்த்ததும் 'குரு' என்று அடித்தார். 'ம'வைப் பார்த்ததும் மங்களன் என்று எடுத்துக்கொண்டு 'செவ்வாய்' என்று அடித்தார். சிம்மத்தில் இருந்த 'வி' அவருக்கு விளங்கவில்லை, விட்டுவிட்டார். மிதுன லக்னத்துக்கு ஐந்தாமிடமான துலாத்தில் இருந்த செவ்வாய், எட்டாமிடமான மகரத்துக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் லக்னத்தையும் சந்திரனையும் வைத்துத்தான் செவ்வாய் பார்ப்பார்கள். இரண்டுக்குமே அது தோஷ இடத்தில் இல்லை. தோஷம் நோட்டில் இல்லை, தாளில்தான் இருந்தது.

அந்த நிலையத்துக்கு நானே போனேன்.

"தம்பி, இந்த 'கு' எப்படி குரு ஆச்சு?"

"கு-ன்னா குருதானே சார், எல்லாரும் அப்படித்தானே போடறாங்க."

"அப்ப சிம்மத்துல இந்த 'வி' என்ன?"

"அது மை சிந்தினதுன்னு நினைச்சோம் சார்."

"சனி எங்கே?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ ஜாதகம் அடிக்கிறவர். ஆனால் அவர் செய்தது நகல் இல்லை. எழுத்தைப் பார்க்காமல், எழுத்துக்குத் தானே ஓர் அர்த்தத்தை நினைத்துக்கொண்டு, அந்த அர்த்தத்தை மட்டும் எழுதினார். மூல எழுத்து தாளில் எங்குமே இல்லை. அதனால் அந்தத் தாளைப் படித்த எந்த ஜோதிடருக்கும் தவறைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போயிற்று. துலாத்தில் 'கு' என்று மட்டும் அடித்திருந்தால், சிம்மத்தில் 'வி'யைப் பார்த்ததுமே தெரிந்தவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

எங்கள் அலுவலகத்தில் பத்திரத்தைப் புத்தகத்தில் கையால் நகல் எழுதிய காலம் ஒன்று உண்டு. ஒருவர் எழுதுவார். பிறகு ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்து ஒப்பிடுவார். மூலத்தில் 'கிழகு' என்று எழுத்துப் பிழை இருந்தால் நகலிலும் 'கிழகு' என்றுதான் இருக்க வேண்டும். திருத்தினால் திட்டு விழும். வெற்றிடம், அடித்தல், திருத்தல், இடைச்செருகல் இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது என்பது 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு சென்ட் நிலத்துக்கு இருக்கும் இந்த மரியாதை ஒரு பெண்ணின் ஜாதகத்துக்கு இருக்கக் கூடாதா?

ஆகவே முதல் விதி: எழுத்தை எழுத்தாகவே எழுதுங்கள். 'ம' என்று இருந்தால் 'ம'. 'செ(வ)' என்று இருந்தால் அடைப்புக்குறியோடு 'செ(வ)'. 'ம என்பதை மந்தன், சனி என்று கொள்கிறேன்' என்பது உங்கள் கருத்து. அதற்குக் கீழே தனியாக இடம் இருக்கிறது, அங்கே எழுதுங்கள். 'ம'வுக்குப் பக்கத்தில் கால் இருந்தால் அது 'மா', மாந்தியாக இருக்கலாம். 'ர'வுக்குக் கால் இருந்தால் 'ரா', ராகு. கையெழுத்தில் ரகரமும் காலும் ஒரே மாதிரி இருப்பதால் 'ரா' என்பது இரண்டு 'ர' போலத் தெரியும். 'சு' சுக்கிரன், 'சூ' சூரியன், இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். வெறும் 'ச' என்றால் சந்திரனும் ஆகலாம், சனியும் ஆகலாம். இத்தனை சின்ன வித்தியாசத்தில் தொங்கும் ஒரு விஷயத்தில், தெளிவில்லாவிட்டால் 'சு அல்லது சூ, தெளிவில்லை' என்று எழுதுவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

இரண்டாவது: கட்டத்துக்கு ராசிப் பெயர் போடுங்கள், எண் போடாதீர்கள். சிலர் இடமிருந்து வலமாக, புத்தகம் படிக்கிற மாதிரி 1, 2, 3 என்று எண் போட்டு அடிக்கிறார்கள். அப்படிப் போட்டால் மேல் வரிசையில் நாலு முடிந்ததும் ஐந்தாவது கட்டம் கும்பம், ஆறாவது கடகம் என்று தாறுமாறாகப் போகும். வேறு சிலர் லக்னத்திலிருந்து எண்ணி முதல் வீடு, இரண்டாம் வீடு என்று எழுதுகிறார்கள். லக்னத்தைக் குறித்த 'ல'வோ கட்டத்தின் மூலையில் போட்ட சாய்ந்த கோடோ படத்தில் மங்கியிருந்து, தவறான கட்டத்தை லக்னம் என்று எடுத்துக்கொண்டால் பன்னிரண்டும் மொத்தமாக நகர்ந்துவிடும். நம் ஊர்க் கட்டத்தில் ராசி நகராது, மீனம் என்றால் எப்போதும் மேல் இடது மூலைதான். நகர்வது லக்னம். வடநாட்டுக் கட்டம் இதற்கு நேர் எதிர். அங்கே லக்னம் எப்போதும் மேலே நடுவில் இருக்கும், ராசியை எண்ணால் எழுதுவார்கள். அந்தக் கட்டத்தில் 8 என்று இருந்தால் அது எட்டாம் வீடு இல்லை, எட்டாவது ராசியான விருச்சிகம். வெறும் எண்ணை எழுதினால் எந்தக் கணக்குப்படி என்று படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது: காலிக் கட்டத்தையும் 'காலி' என்று எழுதுங்கள். எங்கள் தாளில் கிரகம் இருந்த ராசிகளை மட்டும்தான் அடித்திருந்தார்கள். சிம்மம் தாளில் இல்லாமல் போனது யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் கடகமும் இல்லை, கும்பமும் இல்லை. 'சிம்மம்: காலி' என்று அடிக்க வேண்டியிருந்தால், அதை அடிப்பதற்கு முன் இன்னொரு தரம் அந்தக் கட்டத்தைப் பார்த்திருப்பார். 'வி' கண்ணில் பட்டிருக்கும்.

இனி, எழுதி முடித்த பிறகு சரிபார்ப்பது. இதற்கு ஜோதிடம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் எண்ண வேண்டும். ஒன்பது கிரகமும் லக்னமும் சேர்த்துப் பத்து. மாந்தி போட்டிருந்தால் பதினொன்று. குறைந்தாலும் தவறு, ஒரே கிரகம் இரண்டு முறை வந்தாலும் தவறு. அடுத்து ராகு கேது. இருவரும் எப்போதும் நேர் எதிர்க் கட்டத்தில்தான் இருப்பார்கள். எங்கள் ஜாதகத்தில் தனுசும் மிதுனமும், சரி. பிறகு சூரியன். ஜாதகத்தின் தலைப்பில் தமிழ் மாதம் இருக்கும். சித்திரை என்றால் மேஷம், வைகாசி என்றால் ரிஷபம், இப்படியே போக வேண்டும். அந்தப் பெண் பிறந்தது ஐப்பசி, சூரியன் துலாத்தில், சரி. ஆக துலாத்தில் இருக்கும் 'ர' சூரியன்தான் என்பதும் உறுதியாகிவிட்டது. சந்திரனுக்கு நட்சத்திரம் சாட்சி. திருவோணம் என்று எழுதியிருந்தது, அது மகரத்தில்தான் வரும், சரி.

புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. அதனால் சூரியன் இருக்கும் கட்டத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரராக இருக்கும். சுக்கிரன் 48 பாகை வரை போகும், அதாவது அதிகபட்சம் இரண்டு கட்டம் தள்ளி. இந்தக் கணக்கு இன்னொரு விதத்திலும் உதவும். நோட்டில் ராசி, அம்சம் என்று இரண்டு கட்டம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். படம் பிடித்தவர் ஒன்றை வெட்டிவிட்டு, நடுவில் எழுதிய பெயரும் மங்கிப் போயிருந்தால் மிஞ்சியது எது? புதன் சூரியனிலிருந்து நாலு கட்டம் தள்ளி இருந்தால் அது ராசிக் கட்டம் இல்லை. அம்சத்தில் மட்டும்தான் அப்படி வரும். பக்கத்திலேயே இருந்தால் மட்டும் ராசிதான் என்று சொல்லிவிட முடியாது. அப்போது 'ராசியா அம்சமா தெரியவில்லை' என்று எழுதிவிட்டு முழுப் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு சரிபார்த்தும் ஒன்று பொருந்தவில்லை என்றால்? இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். உறவினர் ஒருவரின் ஜாதகத்தில் மேஷத்தில் 'ரா', விருச்சிகத்தில் 'கே' என்று இருந்தது. கேது துலாத்தில் அல்லவா இருக்க வேண்டும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூல ஏட்டையே வாங்கிப் பார்த்தேன். எழுதிய ஜோதிடர் கை தவறிப் பக்கத்துக் கட்டத்தில் போட்டிருக்கிறார். நான் 'விருச்சிகம்: கே' என்றுதான் எழுதினேன். கீழே, 'மூலத்தில் இப்படியே உள்ளது, ராகுவுக்கு நேர் எதிரில் இல்லை' என்று ஒரு குறிப்புப் போட்டேன். கேது தவறா, ராகு தவறா என்று கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது? ராகுவே ரிஷபத்தில் இருக்க வேண்டியவராக இருந்தால்? சரிபார்ப்பு என்பது தவறு இருக்கிறது என்று காட்டும். எது சரி என்று காட்டாது. இந்த வித்தியாசம் தெரியாதவர் நகல் எடுக்கவே உட்காரக் கூடாது.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு? பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கம்ப்யூட்டரில் போட்டால் கட்டம் தானாக வந்துவிடுமே" என்பார்கள். என்னிடம் அந்த நிலையத்துக்காரரும் இதைத்தான் கடைசியில் சொன்னார். வரட்டும். ஆனால் அது வேறு ஜாதகம். பழைய பத்திரம் படிக்க முடியவில்லை என்று புதிதாக ஒரு பத்திரம் எழுதி, இதுதான் அதன் நகல் என்று சொல்வதைப் போன்றது.

வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் பழைய ஜாதகங்கள் பெரும்பாலும் வாக்கியப் பஞ்சாங்கப்படி கணித்தவை. கம்ப்யூட்டர் பெரும்பாலும் திருக்கணிதப்படி கணிக்கிறது. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் வாக்கியப்படி சனிப்பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20. நம்மில் பலர் அதற்குப் போய் வந்திருக்கிறோம். இடையில் பதினோரு மாதம். அந்த இடைவெளியில் பிறந்த எத்தனையோ குழந்தைகளுக்கு ஒரு கணிதத்தில் சனி கும்பத்தில், இன்னொரு கணிதத்தில் மகரத்தில். எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுப் பெரியவர்கள் எந்தக் கட்டத்தை வைத்து முடிவெடுத்தார்களோ, அந்தக் கட்டம் நகலில் இருக்க வேண்டும். புதிதாகக் கணித்துப் பார்க்க ஆசையிருந்தால் கணியுங்கள். அதைத் தனித் தாளில் வைத்து, இது புதிதாகக் கணித்தது என்று தலைப்பில் எழுதுங்கள்.

படம் பிடிப்பதிலும் பாதிப் பாவம் இருக்கிறது. நோட்டை மடியில் வைத்துச் சாய்வாகப் பிடிக்கிறார்கள். செல்போனின் நிழல் கீழ் வரிசையில் விழுந்து தனுசும் விருச்சிகமும் கறுப்பாகிவிடுகிறது. கட்டம் மட்டும் போதும் என்று மேலே இருக்கும் மாதம், நட்சத்திரம், லக்னம் எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். சாட்சியையே வெட்டிவிட்டால் எதை வைத்துச் சரிபார்ப்பது? பகல் வெளிச்சத்தில் மேஜை மேல் விரித்து, நேர் மேலிருந்து, முழுப் பக்கமும் விழும்படி ஒன்று, கிட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று என்று எடுங்கள். தட்டச்சு செய்த தாளோடு அந்தப் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். நகல் தனியாக ஊர் சுற்றக் கூடாது.

தங்கை மகளுக்குப் பிறகு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆயிற்று. இப்போது இரண்டு பிள்ளைகள். அதனால் அந்தத் தவறு ஒன்றும் பெரிதில்லை என்று மைத்துனர் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன அன்று அந்தப் பெண் கூடத்தில் உட்கார்ந்து, "மாமா, நிஜமாவே எனக்கு எட்டுல செவ்வாயா?" என்று கேட்டாள். அப்போது தாள் என் கையில் இல்லை. "இருக்கும்மா, ஜாதகத்துல இருக்குன்னா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நகலைப் பார்க்காமல் ஒப்பிட்டதாகக் கையெழுத்துப் போட்டவன் நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போகிறேன். ஒன்பது ஜாதகம் இருக்கிறதாம். அவள் வாசிக்க வேண்டும், நான் ஒப்பிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.